காலேஜ் பக்கத்தில் மொபைல் ஆக்சசரீஸ் கவுண்டர் போடுகிறவர்களுக்கு: சரக்கை எப்படி எடுப்பது, லாபத்தை எப்படி எண்ணுவது

காட்பாடி, ஓட்டேரி, பாகாயம் என்று வேலூர் பக்கம் எந்தக் காலேஜ் வாசலுக்குப் போனாலும் நாலடி கண்ணாடி மேசை, பின்னால் தொங்கும் கவர்கள், டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி என்று ஒரு கவுண்டராவது இருக்கும். முதல் குறைவு, இடம் கொஞ்சம் போதும், வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பதால் புதிதாகப் பலர் இதில் இறங்குகிறார்கள். முப்பது ரூபாய்க்கு வாங்கிய கிளாஸை நூறு ரூபாய்க்கு விற்கிற தொழிலில் நஷ்டம் எங்கிருந்து வரும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அது விற்ற கிளாஸில் வருவதில்லை, விற்காமல் தொங்குகிற கவரில்தான் வருகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி சரக்கு எடுப்பதைப் பற்றியே இருக்கும். இதில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை, நீங்கள் சரக்கு எடுக்கும் அன்று ஹோல்சேலில் என்ன விலை சொல்கிறார்களோ அதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் போன்களை எண்ணுங்கள்

கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் காலேஜ் பையன்களும் பெண்களும் கையில் என்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வாசலில் டீக்கடை இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பாதி தெரிந்துவிடும். அதைவிட நல்ல வழி, தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் அவருடைய வகுப்பில் யார் யார் என்ன மாடல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வாங்குவது. பேர் வேண்டாம், மாடல் மட்டும் போதும். இரண்டு மூன்று வகுப்பின் பட்டியல் கிடைத்தால் எந்தப் பத்துப் பதினைந்து மாடல் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே ஊரில் ஒரு காலேஜுக்கும் இன்னொரு காலேஜுக்கும் கூட்டம் மாறும். காட்பாடியில் வி.ஐ.டி. பக்கம் வெளிமாநிலப் பிள்ளைகள் அதிகம், ஐபோன், ஒன்பிளஸ், சாம்சங் எஸ் சீரிஸ் எல்லாம் சாதாரணமாகக் கண்ணில் படும், ஹிந்தியும் தெலுங்கும் கொஞ்சம் பேசத் தெரிந்தால் வியாபாரம் நடக்கும். ஓட்டேரி முத்துரங்கம் அரசுக் கல்லூரி பக்கம் போனால் ரெட்மி, விவோ, ரியல்மி, அதிலும் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த மூன்று நாலு வருஷப் பழைய போன்கள் நிறைய இருக்கும். அங்கே ஐபோன் கவர் பத்து எடுத்துத் தொங்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், விற்காது. வி.ஐ.டி. பக்கம் பழைய மாடல் கிளாஸ் அடுக்கினாலும் அதே கதைதான். ஹோல்சேல் கடைக்காரர் 'இது செம மூவிங்' என்று சொல்வது அவர் கடைக் கணக்கு, உங்கள் வாசலில் எது ஓடும் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி.

சரக்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எத்தனை வகைப் போனுக்குப் பொருந்தும் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். அதை வைத்து மூன்று கூறு.

முதலாவது எல்லாப் போனுக்கும் போகிறவை: டைப்-சி கேபிள், சார்ஜர், இயர்போன், ஓ.டி.ஜி., ஸ்டாண்டு. இவை இன்று விற்காவிட்டாலும் அடுத்த மாதம் விற்கும். ஆனால் இங்கேயும் கண் வேண்டும். மைக்ரோ யு.எஸ்.பி. கேபிள் கேட்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆப்பிள் 2023-ல் ஐபோன் 15-ஐ டைப்-சியில் கொண்டுவந்த பிறகு லைட்னிங் கேபிளும் அதே பாதையில் இறங்குகிறது. பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பதால் லைட்னிங் வைக்கத்தான் வேண்டும், மொத்தமாக எடுக்க வேண்டாம்.

இரண்டாவது சில மாடல்களுக்குச் சேர்ந்து போகிறவை. டெம்பர் கிளாஸ் இந்த வகை.

மூன்றாவது ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் போகிறவை. பேக் கவர், பவுச், கேமரா லென்ஸ் கிளாஸ். பணம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்கிரீன் அளவு ஒன்றாக இருந்தாலும் பின்னால் கேமரா இருக்கும் இடம் கொஞ்சம் மாறினால் கவர் உட்காராது. ஐபோன் 13-க்கும் 14-க்கும் முன்பக்கக் கிளாஸ் ஒன்றேதான், ஆனால் 14-ல் கேமரா மேடு கொஞ்சம் பெரியது என்பதால் 13-ன் கவர் அதில் சரியாகப் பொருந்தாது. போதாக்குறைக்கு ஒரு மாடலுக்கு நாலு கலர், மூன்று டிசைன், பெண்களுக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரே மாடலில் பத்துக் கவர் நின்றுவிடும்.

ஆரம்பத்தில் கையில் இருக்கும் சரக்குப் பணத்தில் பாதி முதல் வகைக்கு, மீதியில் பெரும்பங்கு கிளாஸுக்கு, கவருக்குக் கடைசியில் மிஞ்சுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவர் இல்லாமல் கடை வெறிச்சென்று தெரியும் என்பார்கள், உண்மைதான். அதற்குப் பட்டியலில் முதல் ஐந்தாறு மாடலுக்கு மட்டும் கவர் தொங்கவிட்டு, பக்கத்தில் இயர்போன், கேபிள், ஸ்டாண்டுகளை நிறையத் தொங்கவிடலாம்.

ஒரு கவர் கணக்கு, முழுசாக

ஒரு புது மாடல் வந்திருக்கிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிசைன் கவர் ஒரு டஜன் எடுத்தால் ஒன்று 80 ரூபாய், நாலு மட்டும் எடுத்தால் ஒன்று 95 ரூபாய் என்கிறார்கள். கடையில் 200 சொல்லி, பேரம் பேசி 170-க்குக் கொடுப்பீர்கள்.

டஜன் எடுத்தால் 960 ரூபாய். ஏழு விற்றது, 1190 ரூபாய் வந்தது. 'கவருக்குத் தொண்ணூறு ரூபாய் லாபம், ஏழுக்கு அறுநூற்று முப்பது' என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் ஐந்து கவர் இன்னும் தொங்குகிறது, அந்த மாடலை இப்போது யாரும் வாங்குவதில்லை. போட்ட பணத்தைக் கழித்தால் உண்மையில் கையில் நிற்பது 230 ரூபாய். விற்ற கவருக்குச் சுமார் 33 ரூபாய்.

இப்போது நாலு நாலாக இரண்டு முறை எடுத்திருந்தால் எட்டுக்கு 760 ரூபாய். அதே ஏழு விற்றால் 430 ரூபாய் நிற்கிறது, ஒரு கவர்தான் மிச்சம். சரி, இடையில் சரக்கு தீர்ந்த நாளில் ஒருத்தர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார், ஆறுதான் விற்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 1020-ல் 760 போக 260 ரூபாய் நிற்கும், டஜன் எடுத்ததைவிட அதிகம். கூடுதல் விலை கொடுத்து, ஒரு வாடிக்கையாளரையும் விட்டு, அதற்கு மேலும் லாபம். டஜன் விலை கேட்டு மயங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை தங்கள் பொருளை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு வழக்கம் பிறக்கும். ஒவ்வொரு லாட்டிலும் எத்தனையாவது பீஸில் போட்ட பணம் திரும்புகிறது என்று எடுக்கும்போதே பாருங்கள். மேலே சொன்ன டஜனில் ஆறாவது கவரில்தான் முதல் திரும்புகிறது. அந்த மாடலில் ஆறு பேர் கண்டிப்பாக வருவார்கள் என்று உங்கள் பட்டியல் சொன்னால் எடுக்கலாம், இல்லாவிட்டால் நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கவர் வந்தவுடன் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் வந்த மாதத்தையும் வாங்கிய விலையையும் குறித்து வையுங்கள். விலையை எண்ணாக எழுதாமல் உங்களுக்கு மட்டும் புரிகிற எழுத்தாக எழுதுவது இந்தப் பக்கத்துக் கடைகளில் பழைய வழக்கம். மூன்று மாதம் தாண்டிய கவரை வாங்கிய விலைக்கே தள்ளிவிடுங்கள். ஆறு மாதம் தாண்டினால் பாதி விலைக்கு, அல்லது கிளாஸ் ஒட்ட வருகிற வாடிக்கையாளரிடம் முப்பது நாற்பது ரூபாய் மட்டும் கூடுதலாக வாங்கிக்கொண்டு கவரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் தொங்கும் டிரான்ஸ்பரன்ட் கவர் மஞ்சளாகிவிடும், வேலூர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். மஞ்சளான பிறகு இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

கிளாஸ்: இருப்பைக் குறைக்கிற வித்தை

கிளாஸில் நல்ல விஷயம், நிறைய மாடல்கள் ஒரே கிளாஸைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐபோன் எக்ஸ்.ஆர்.-க்கும் 11-க்கும் ஒன்றே. ஐபோன் 13, 13 ப்ரோ, 14 மூன்றுக்கும் ஒன்றே. ஆண்ட்ராய்டிலும் ஒரே கம்பெனி ஒரே பிரேமில் இரண்டு மூன்று பெயரில் போன் விடுவது சகஜம். இதைத் தெரிந்துகொள்ளாதவர் மூன்று பெட்டி வாங்குகிற இடத்தில் தெரிந்தவர் ஒரு பெட்டி வாங்குவார்.

இதற்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கிளாஸ் அளவுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு எதிரே பொருந்தும் மாடல்கள். பெட்டியின் மேல் மாடல் பெயருக்குப் பதில் அந்த நம்பரை ஒட்டி வரிசையாக அடுக்கிவிட்டால் கூட்டம் நிற்கும்போது தேட வேண்டியதில்லை. ஒரே இன்ச் என்பதால் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், கேமரா ஓட்டை இருக்கும் இடமும் மூலையின் வளைவும் மாறும். சந்தேகம் இருந்தால் பின்பக்கப் பேப்பரை உரிக்காமலே கிளாஸைப் போன் மேல் வைத்து இயர்பீஸ் கீற்றும் கேமராவும் நாலு மூலையும் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் நோட்டில் அந்த மாடலைச் சேர்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் எப்போதோ ஒருமுறை கேட்கும் மாடலுக்குக் கிளாஸ் வாங்கி வைப்பதைவிட, கிளாஸுக்குப் பதில் திரையில் ஒட்டும் மெல்லிய ஹைட்ரோஜெல் ஷீட்டை வெட்டுகிற மெஷின் உதவும். ஒரே ஷீட்டை எந்த மாடலுக்கும் வெட்டலாம், அதனால் ஷீட் தேங்குவது என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் சில மெஷின்களில் ஒவ்வொரு வெட்டுக்கும் தனியாகக் காசு பிடிப்பார்கள், வாங்கும் முன் அதைக் கேட்டு உங்கள் விலையில் சேர்க்க வேண்டும். தினம் இரண்டு மூன்று வெட்டு இல்லாத வாசலில் மெஷின் வேண்டாம், பக்கத்தில் மெஷின் வைத்திருப்பவரிடம் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். ஷீட் கீறலைத் தாங்கும், ஆனால் கிளாஸ் போல அடியைத் தான் வாங்கி உடைந்து திரையைக் காப்பாற்றாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒட்டுவது

இந்த வேலையில் காசு வீணாவது தூசியால்தான். ஒட்டும்போது தலைக்கு மேல் ஃபேன் ஓடக்கூடாது. சித்தூர் ரோடு மாதிரி லாரி, பஸ் ஓடும் சாலையோரக் கவுண்டர் என்றால் மூன்று பக்கம் மறைத்த ஒரு சின்னப் பெட்டி செய்து அதற்குள் வைத்து ஒட்டுங்கள், வெயில் காலத்தில் வியர்க்கும், பரவாயில்லை, ஒரு துளி வியர்வை மட்டும் திரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனை வாங்கியவுடன் திரையில் ஏற்கனவே கீறல், விரிசல் இருக்கிறதா, டச் வேலை செய்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துச் சொல்லுங்கள். பழைய கிளாஸை எடுத்த பிறகு 'முன்னாடி இது இல்லையே அண்ணா' என்று ஆரம்பித்தால் வாக்குவாதத்தில் நூறு ரூபாய் வியாபாரம் ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடியலாம். பழைய கிளாஸை ஒரு மூலையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் கார்டு விட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். ஆல்கஹால் துணியால் எண்ணெய்ப் பசையை எடுத்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, போனைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, தெரிகிற தூசியை ஒவ்வொன்றாக டஸ்ட் ஸ்டிக்கரால் தொட்டு எடுக்க வேண்டும். பிறகு பேப்பரை உரித்து, இயர்பீஸ் பக்கத்தை முதலில் நேர்செய்து, கிளாஸை விட்டுவிட்டு நடுவில் ஒரு விரலால் அழுத்தினால் பசை தானே ஓரத்துக்குப் பரவும்.

குமிழி வந்தால் கார்டால் ஓரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்து போனால் காற்று. நகராமல் நடுவில் ஒரு புள்ளியோடு நின்றால் தூசி, அந்த மூலையைத் தூக்கி ஸ்டிக்கரால் எடுத்தே ஆக வேண்டும். ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் திரையின் ஓர வளைவுக்கு அந்தக் கிளாஸ் சரியில்லை, எவ்வளவு அழுத்தினாலும் போகாது. நன்றாக வளைந்த திரைகளுக்கு, யு.வி. விளக்கொளியில் இறுகும் திரவப் பசையை ஊற்றிக் கிளாஸ் ஒட்டுவார்கள், பசை இயர்பீஸுக்குள் இறங்கினால் சத்தம் போய்விடும், புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொடாமல் ஷீட் போட்டுக் கொடுப்பது நல்லது. திரைக்குள்ளேயே கைரேகை வைக்கும் போன் என்றால் ஒட்டியபின் ரேகையை மறுபடி பதியச் சொல்லுங்கள். சாம்சங் எஸ் சீரிஸ் போல அல்ட்ராசானிக் சென்சார் உள்ளவற்றில் தடித்த கிளாஸ் போட்டால் ரேகை சரியாக எடுக்காது, இதை ஒட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கிளாஸ் லாபத்தையும் முழுசாக எண்ணுங்கள். பத்துக் கிளாஸ் 300 ரூபாய், துடைக்கிற துணி ஸ்டிக்கருக்கு ஒரு 20. பத்தில் ஒன்று உடைந்தோ தூசியிலோ வீணானால் ஒன்பது விற்று 900, நிற்பது 580. கிளாஸுக்கு எழுபது என்று நினைத்தது அறுபத்து நாலு. பத்தில் மூன்று வீணாக்கினால் அது ஐம்பத்து நாலுக்கு இறங்கிவிடும். கை பழகும்வரை வீட்டில் உள்ளவர்களின் போனில் ஒட்டிப் பழகுவது மலிவு.

ஆன்லைன் விலை சொல்லும் பிள்ளைகள்

'அண்ணா, ஆன்லைன்ல ரெண்டு கிளாஸ் நூத்தி அம்பதுக்கு வருதே' என்பது தினமும் கேட்கிற பேச்சு. அதோடு போட்டி போட்டு விலையை இறக்க வேண்டாம். 'வாங்கிட்டு வாப்பா, நான் ஒட்டித் தரேன்' என்று சொல்லுங்கள். ஒட்டுக் கூலி நாற்பது ரூபாய், அவர் கிளாஸ் உடைந்தாலோ பொருந்தாவிட்டாலோ பொறுப்பு அவருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதில் உங்கள் சரக்குப் பணம் ஒரு ரூபாய்கூட உள்ளே இல்லை, எனவே இது கவர் விற்பதைவிட நல்ல வியாபாரம்.

எடுக்கக் கூடாத சரக்கு

பெரிய கம்பெனி லோகோ அடித்த டூப்ளிகேட் சார்ஜர், இயர்பட்ஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். 1999-ம் வருஷ டிரேட் மார்க் சட்டப்படி போலி முத்திரைச் சரக்கு விற்பதற்கே ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம்வரை அபராதமும் உண்டு. சார்ஜரும் பவர் பேங்கும், மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். பதிவு இல்லாமல் விற்கக் கூடாதவை. லேபிளில் பி.ஐ.எஸ். முத்திரையோடு R- என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பில் கொடுக்காத கடையில் வாங்கினால் பழுதைத் திருப்பவும் முடியாது.

மாதக் கணக்கும் லீவும்

இடத்து வாடகை 6000, கரண்ட், சில்லறைச் செலவு 1000, சென்னைப் பயணமும் பார்சலும் 2000, உங்கள் சம்பளமாக 15,000 என்று வைத்தால் மாதம் 24,000. கடை 24 நாள் ஓடினால் தினம் 1000 ரூபாய் லாபம் நிற்க வேண்டும். கிளாஸ் மட்டும் என்றால் தினம் பதினாறு ஒட்ட வேண்டும், ஒரு சின்னக் கவுண்டருக்கு அது லேசில்லை. அதனால்தான் கேபிளும் சார்ஜரும் ஒட்டுக் கூலியும் சேர்ந்து வர வேண்டும். இடம் பார்க்கும்போது வாடகையை இந்த ஆயிரத்தோடு வைத்துப் பாருங்கள், வாடகை இரண்டாயிரம் கூடினால் மாதம் முப்பத்தொரு கிளாஸ் கூடுதலாக ஒட்ட வேண்டும்.

காலேஜ் லீவு விட்டால் வாசல் காலியாகிவிடும். பரீட்சை தேதி வெளியானவுடனே கவர் வாங்குவதை நிறுத்துங்கள், இருக்கிற பழைய கவரைப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தள்ளுங்கள். லீவுக்குப் பின் பாதிப் பேர் புதுப் போனோடு வருவார்கள், முதல் வருஷப் பிள்ளைகளின் போன் வேறாக இருக்கும். எனவே திறந்த முதல் வாரம் பழைய பட்டியலை நம்பிச் சரக்கு எடுக்காமல் கேபிள், சார்ஜரை மட்டும் நிரப்பிக்கொண்டு, வந்து கேட்கிற மாடல்களை நோட்டில் எழுதுங்கள். 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு மாடலையும் எழுதினால், ஒரே மாடல் மூன்று முறை வந்த பிறகு கிளாஸ், அதற்குப் பின் இன்னும் மூன்று பேர் கேட்ட பிறகு கவர் என்று எடுக்கலாம். காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், காலையில் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எடுத்துக்கொண்டு மாலைக் கூட்டத்துக்குள் திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.